துளிக்குள் தலைகீழாக ஒரு தெரு

டிசம்பர் மழை விட்ட ஒரு மாலை. வேளச்சேரியில் நாலாவது மாடி வீடு. ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன், கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்கத் துளிகள். கீழே ஈரமான சாலை, வண்டிகளின் சிவப்பு விளக்குகள், வெள்ளைத் தெருவிளக்குகள், தள்ளி இருட்டில் பறக்கும் ரயிலின் தூண்கள். ஜன்னல் திண்டில் முக்கால் அளவு தண்ணீரோடு ஒரு கண்ணாடி டம்ளர். ஒரு சிறுகதைக்கு இந்தக் காட்சியைப் படமாக்கித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். ஏஐ படக்கருவியில் முதலில் நான் தட்டியது இவ்வளவுதான்:

```
rain drops on window, water glass, Velachery Chennai,
night, realistic reflections and refraction
```

வந்த படம் முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது பார்வையில் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. துளிகள் எல்லாம் ஒரே அளவில், பாசிமணியை ஒட்டிவைத்ததுபோல இருந்தன. டம்ளருக்குள் தண்ணீர் இருந்தும் பின்னாலிருக்கும் விளக்குகள் அதற்குள் கோணாமல் நேராகத் தெரிந்தன. துளிகளின் ஓரத்தில் வானவில் நிறங்கள். அறைக்குள் விளக்கு எரிகிறது, ஆனால் ஜன்னலில் அதன் சாயலே இல்லை. வெளியே சரிவான ஓட்டுக் கூரைகளுடன் ஏதோ ஐரோப்பிய ஊர்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு படத்தைச் சரிசெய்த கதைதான். டம்ளர், துளி, ஜன்னல் ஆகிய மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் கண்ணாடி சம்பந்தப்பட்ட மற்ற படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே வழி போதும்.

முதலில் ஒரு அடிப்படை. இந்தப் படக்கருவிகள் ஒளிக்கதிர் எந்தப் பக்கம் வளைகிறது என்று கணக்குப் போடுவதில்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடிருந்த விளக்கச் சொற்களையும் வைத்து, எந்தச் சொல்லுக்கு எந்தத் தோற்றம் வரும் என்று பழகியிருக்கின்றன. ஆகவே ஒளிவிலகல் என்று நீங்கள் எழுதினால் அது ஒளிவிலகலைச் செய்துகாட்டாது. அந்தச் சொல்லோடு இணையத்தில் அதிகம் ஒட்டியிருக்கும் படத்தை எடுத்துக்கொண்டு வரும். `refraction` என்ற சொல்லுக்கு அது பெரும்பாலும் முக்கோணப் பட்டகமும் வானவில்லும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று எண்ணைச் சேர்த்து எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் படம் கணினியில் வடித்ததுபோலப் பளபளப்பாகுமே தவிர, தண்ணீர் தண்ணீராகாது. இயற்பியல் நம் தலையில் இருக்க வேண்டும். எழுதவேண்டியது, அந்த இயற்பியலால் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை.

கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் சொந்த நிறம் என்று ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பின்னால் இருப்பது வளைந்து தெரிகிறது, முன்னால் இருப்பது மங்கலாகப் பட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான் அதன் உருவம். பிராம்ப்ட் எழுதும்போது கண்ணாடியை வர்ணிப்பதை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் என்ன, பக்கவாட்டில் என்ன, எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம் என்று எழுதத் தொடங்கியதும் என் படங்கள் மாறத் தொடங்கின.

டம்ளர்

இதை வாசிப்பதோடு நிறுத்தாமல் செய்து பார்த்துவிடுங்கள். ஒரு தாளில் இடமிருந்து வலமாக அம்புக்குறி வரையுங்கள். நேரான உருளை வடிவ டம்ளரில் தண்ணீர் நிரப்பி மேசையில் வைத்து, தாளை அதன் பின்பக்கம் ஒட்டினாற்போலப் பிடியுங்கள். அம்பு பெரிதாகி, அதே திசையில் தெரியும். தாளை மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள டம்ளர் என்றால், நாலைந்து சென்டிமீட்டர் தள்ளியதும் அம்பு குழம்பிப் பட்டையாக விரியும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் திசை மாறி வலமிருந்து இடமாகப் பார்க்கும்.

காரணம் எளிது. தண்ணீர் நிறைந்த உருளை ஒரு குவிலென்ஸ். அதன் குவியம் டம்ளரின் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு விட்டத் தூரத்தில், அதாவது பின்சுவரிலிருந்து ஓர் ஆரத் தூரத்தில் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் இருப்பது பெரிதாகும். கண்ணிலிருந்து பார்க்கும்போது அதை நன்றாகத் தாண்டியிருப்பது இடவலம் புரளும். ஆகவே டம்ளருக்குப் பின்னால் ஏதாவது தெரியும் படம் என்றால், அந்தப் பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை முதலில் நீங்களே முடிவு செய்தாக வேண்டும். சுவரை ஒட்டியதா, தெருவுக்கு அப்பாலா? இரண்டுக்கும் டம்ளர் வேறு வேறு மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் மூன்று விஷயங்களைக் கவனிக்காமல் விட்டால் படம் காட்டிக்கொடுத்துவிடும். உருளை பக்கவாட்டில்தான் வளைந்திருக்கிறது, மேல்கீழாக வளையவில்லை. அதனால் அது இடவலம் மட்டும் புரட்டும். வானம் மேலேயே இருக்கும், தரை கீழேயே இருக்கும். டம்ளருக்குள் தெரு தலைகீழாகத் தெரிந்தால் அது தப்பு. இரண்டாவது, தண்ணீர் மட்டத்துக்கு மேலே டம்ளர் காலிதான். மெல்லிய சுவர் எதையும் புரட்டாது. ஒரே விளக்கு வரிசை, தண்ணீர் மட்டத்துக்கு மேலே நேராகவும் கீழே இடம் மாறி நெருக்கமாகவும் தெரிய வேண்டும். அந்த ஒரு கோட்டில்தான் பார்ப்பவர் மனம் இது தண்ணீர் என்று நம்புகிறது. மூன்றாவது ஓரங்கள். டம்ளரின் விளிம்பில் நமக்குத் தெரிவது நேர் பின்னால் இருப்பது இல்லை, வெகு பக்கவாட்டில் இருப்பது. கண்ணாடிப் பொருட்களைப் படம் எடுக்கும் புகைப்படக்காரர்கள் இதைத் தொழில்முறையாகவே வைத்திருக்கிறார்கள். பின்னணி வெளிச்சமாக இருந்தால் இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை நிறுத்தி விளிம்பைக் கறுப்புக் கோடாக வரவழைப்பார்கள். பின்னணி இருட்டென்றால் பக்கவாட்டிலிருந்து விளக்கைக் கொடுத்து விளிம்பை வெள்ளைக் கோடாக்குவார்கள். என் ஜன்னலுக்குப் பின்னால் இரவு, அறையின் இடப்பக்கம் ஒரு விளக்கு. ஆகவே டம்ளரின் இட விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு வேண்டும். இதை அப்படியே எழுதினால் கருவி நன்றாகவே கேட்டுக்கொள்கிறது, ஏனென்றால் விளம்பரப் படங்களில் அது ஆயிரம் முறை பார்த்த தோற்றம்.

உள்ளே காலியான கண்ணாடிக் கோளம் எதையும் புரட்டாது என்பதற்கு ஓவிய உலகில் ஒரு பெரிய வழக்கே உண்டு. லியனார்டோ டா வின்சி பெயரில் 2017-இல் 45 கோடி டாலருக்கு ஏலம் போன ‘சல்வதோர் முந்தி’ ஓவியத்தில் கிறிஸ்துவின் கையில் ஒரு கண்ணாடிக் கோளம் இருக்கிறது. பின்னாலிருக்கும் அங்கி மடிப்புகள் அதற்குள் புரளாமல் நேராகத் தெரிகின்றன. திடமான கண்ணாடி அப்படிக் காட்டாதே, ஒளியியல் அறிந்த லியனார்டோ இதை எப்படி வரைந்தார் என்று வாதம் கிளம்பியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகக் கணினி ஆய்வாளர்கள் அந்தக் காட்சியைக் கணினியில் ஒளிக்கதிர்க் கணக்கோடு வடித்துப் பார்த்து, அது உள்ளீடற்ற கோளமாக இருந்தால் ஓவியம் பொருந்துகிறது என்றார்கள். நிரம்பியதா, காலியா என்ற ஒரே கேள்விதான் டம்ளருக்கும்.

துளி

டம்ளர் இடவலம் மட்டும் புரட்டும். துளி எல்லாப் பக்கமும் வளைந்திருப்பதால் மேல்கீழையும் சேர்த்துப் புரட்டும். ஜன்னலில் ஒட்டிய ஒவ்வொரு துளியும் மிகக் குட்டியான லென்ஸ். அதன் குவியம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் தெருவில் இருக்கும் எல்லாமே அதற்கு வெகுதூரப் பொருள். அதனால் துளிக்குள் எப்போதும் தலைகீழான ஊர்தான்.

இதிலிருந்து, பலர் கவனிக்காமல் விடும் ஒன்று வருகிறது. பகலில் வானம் வெளிச்சம், தரை இருட்டு. தலைகீழானால் துளியின் அடிப்பாதி வெளிச்சமாகவும் மேல்பாதி இருட்டாகவும் இருக்கும். மழை நாளில் எந்த ஜன்னலில் வேண்டுமானாலும் பாருங்கள், துளிகளின் தலையில் கருப்புத் தொப்பி, அடியில் வெள்ளை. இரவில் மாடியிலிருந்து பார்த்தால் இது மாறிவிடுகிறது. வானம் இருட்டு, வெளிச்சமெல்லாம் கீழே சாலையில். ஆகவே துளியின் மேல்பாதியில் விளக்குப் பொடிகள், அடிப்பாதி இருட்டு. பகல் துளியை இரவு ஜன்னலில் ஒட்டிவிட்டால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் எதுவோ உறுத்தும். என் முதல் படத்தில் நடந்தது அதுவேதான்.

தெளிவும் மங்கலும் அடுத்தது. கேமரா ஜன்னல் கண்ணாடியில் குவிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவிளக்குகள் பெரிய மங்கிய வட்டங்களாகிவிடும். ஆனால் துளிக்குள் இருக்கும் குட்டித் தெரு கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டரில் உருவாகும் பிம்பம், எனவே அது கூர்மையாகத் தெரியும். பின்னால் மங்கிய பெருவட்டம், துளிக்குள் அதே விளக்கு ஊசிமுனையாக. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் படத்துக்கு ஓர் உயிர் வந்துவிடும். கருவிகள் இரண்டையும் ஒரே அளவில் கூர்மையாக்கவோ மங்கலாக்கவோதான் பார்க்கும். கேமரா எங்கே குவிந்திருக்கிறது என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு துளிகளின் அளவு. உண்மையான ஜன்னலில் எண்ணமுடியாத பொடித் துளிகளுக்கு நடுவே சில பெரிய துளிகள் இருக்கும். செங்குத்தான கண்ணாடியில் சில மில்லிமீட்டரைத் தாண்டிய துளி தன் எடையைத் தாங்காது. முதலில் அடிப்பக்கம் தொங்கிக் கண்ணீர் வடிவமாகும், பிறகு ஓடும். ஓடும்போது வழியில் இருக்கும் பொடிகளை விழுங்கிக்கொண்டு போவதால் அதன் பாதை துடைத்ததுபோல் தெளிவாகிவிடும். அந்தப் பாதையில் வால்போலச் சில குட்டித் துளிகள் விடுபட்டுக் கிடக்கும். நம் ஊர் ஜன்னலில் தூசி படிந்திருப்பதால் துளிகளின் ஓரம் முழு வட்டமாக இருக்காது, நெளிந்திருக்கும். ஆனால் கருவி தருவதோ முழு வட்டமான, சீரான, ஒன்றோடொன்று ஒட்டாத முத்துகள்.

அது ஏன் என்று ஒரு நாள் புரிந்தது. உணவுப் பொருட்களைப் படம் எடுக்கும் ஒருவரிடம் குளிர்பானப் பாட்டிலில் துளிகள் எப்படி அவ்வளவு நேரம் ஓடாமல் நிற்கின்றன என்று கேட்டேன்.

“அது வெறும் தண்ணி இல்ல சார். கிளிசரின் கலந்து ஸ்ப்ரே பண்ணுவோம். லைட்டு சூட்டுலயும் காயாது, வழியாது. முத்து முத்தா நிக்கும்” என்றார்.

நீர்த்துளி என்ற சொல்லோடு கருவி பழகியிருப்பதில் கணிசமான பங்கு இந்த விளம்பரத் துளிகளாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே துளி என்று மட்டும் எழுதினால் கிளிசரின் துளிதான் வரும். தொங்கும் துளி, ஓடிய தடம், பொடித் துளி என்று பிரித்து எழுதினால்தான் மழை வரும்.

ஜன்னல்

சாதாரணக் கண்ணாடி, நேருக்கு நேர் பார்க்கும்போது ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 4 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. முன்பரப்பு, பின்பரப்பு இரண்டும் சேர்த்தால் 8. இந்த 8 சதவீதம் இரவும் பகலும் மாறுவதில்லை. பகலில் வெளியிலிருந்து வரும் வெளிச்சம் அறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அந்த 8 அதில் காணாமல் போகிறது. இரவில் விளக்கைப் போட்டதும் வெளியே இருட்டு. அதே 8 சதவீதம் இப்போது ஜன்னலைக் கண்ணாடியாக்கிவிடுகிறது. ஆகவே ஜன்னல் படத்துக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்தப் பக்கம் பிரகாசம்? எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும், தெருவும் தெரிய வேண்டும், அறையும் தெரிய வேண்டும். அதற்கு டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு சிறு விளக்கை மட்டும் இடப்பக்கம் விட்டேன். அதன் சாயல் ஜன்னலில் தெருவின் வெளிச்சமான பகுதியில் படிந்தால் தெரியாது. இருட்டான பகுதியில் மட்டும் தெரியும். எனவே பிராம்ப்டில் வெறுமனே எதிரொளிப்பு என்று எழுதாமல், கண்ணாடியின் இருட்டான பகுதியில் ஒரு விளக்கின் மங்கிய சாயல் என்று இடத்தையும் அளவையும் சொன்னேன்.

வேளச்சேரிக்கென்று இன்னொன்று சொல்ல வேண்டும். `foggy window` என்று எழுதினால், அறைக்குள்ளிருந்து ஒருவர் விரலால் கோலம் போட்ட ஜன்னல் வரும். அது குளிர் நாட்டு ஜன்னல். அங்கே வெளியே குளிர், உள்ளே வெதுவெதுப்பு, எனவே ஆவி உள்பக்கம் படிகிறது. நம் ஊரில் ஏசி அறையின் கண்ணாடி உள்ளிருந்து குளிர்கிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்று வெளியே. ஆவி வெளிப்பக்கம் படியும். உள்ளிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஏசி பேருந்திலும் அப்படித்தான். ஏசி இல்லாத பேருந்தில் மழைக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கூட்டமாக நின்றால் மட்டும் மூச்சுக்காற்று உள்பக்கம் படியும். கதையில் வரும் பெண் ஏசி அறையில் நின்றபடி பனித்த ஜன்னலில் பெயர் எழுதுவதாகப் படம் போட்டால், சென்னை வாசகர் ஒருவராவது எழுதிக் கேட்பார்.

பிராம்ப்ட்டும் அதன் பிறகும்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எழுதிய இரண்டாவது பிராம்ப்ட் இது:

```
close view from inside a dark room at night after rain,
camera focused on the window glass
outside, far below: blurred white street lights,
red tail lamps, wet road, flat-roofed apartments
on the pane: countless tiny drops, a few large
sagging drops, two clear run-down trails
large drops: bright specks in upper half, dark lower half
on the sill: glass tumbler three quarters full of water,
thin bright line along its left edge
faint reflection of one lamp in the dark part of the pane
```

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. புதிய கருவிகள் சில தமிழைப் புரிந்துகொள்கின்றன. பழைய மாடல்களின் சொல் வாங்கும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியது. தமிழ் எழுத்தைச் சுக்குநூறாக உடைத்துக்கொள்ளும். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் மாடல்கள் ஒரு வீச்சில் 75 சொல்துண்டுகளைத்தான் வாங்கும். என் பிராம்ப்ட் அதைத் தாண்டுகிறது. அப்படிப்பட்ட மாடலில் வேலை செய்தால் கடைசி வரிகளை வெட்டி, பின்னால் சொல்லப்போகும் ஒட்டுவேலைக்கு விட்டுவிடுங்கள். முதல் வரியில் இடம், நேரம், கேமராவின் குவியம் ஆகியவை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிராம்ப்டில் ஒரு சொல் வேண்டுமென்றே இல்லை, தலைகீழ். துளிக்குள் தலைகீழ்த் தெரு என்று எழுதிப் பார்த்தேன். கருவி மொத்தப் படத்தையும் கவிழ்த்துவிட்டது. இன்னொரு முறை ஒரே ஒரு ராட்சதத் துளியை வரைந்து அதற்குள் முழு நகரத்தையும் வைத்துக் கொடுத்தது. மேல்பாதியில் வெளிச்சப் புள்ளிகள், அடிப்பாதி இருட்டு என்று தோற்றமாகச் சொன்னபோது பத்துக்கு ஆறேழு படங்களில் துளிகள் சரியாக அமைந்தன. இது என் அனுபவக் கணக்குதான். உங்கள் கருவியில் கொஞ்சம் முன்பின் இருக்கும். `Velachery` என்ற பெயரையும் எடுத்துவிட்டேன். அந்தப் பெயர் படத்துக்கு எதையும் கொண்டுவரவில்லை. மொட்டைமாடிக் குடியிருப்புகள், வெள்ளை விளக்குகள் என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னதும் ஓட்டுக் கூரைகள் போய்விட்டன. எங்கள் தெருவில் இப்போது வெள்ளை எல்.இ.டி. விளக்குகள், நிறத்தைச் சொல்லாவிட்டால் கருவி பழைய ஆரஞ்சு விளக்கைத்தான் எரியவிடும்.

துளிகளும் ஜன்னலும் வந்துவிட்டன. டம்ளர் மட்டும் கடைசிவரை வரவில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் விளக்குகள் டம்ளருக்குள் நேராகவே நின்றன. சொல்லால் ஆகாத இடம் இது என்று ஒப்புக்கொண்டு கையால் செய்துவிடுவதே நல்லது. நான் செய்தது இப்படி.

படத்தை கிம்ப்பில் திறந்தேன். டம்ளருக்குப் பின்னாலும் இரு பக்கமும் உள்ள காட்சியில், டம்ளரைப் போல இரண்டரை மடங்கு அகலமுள்ள ஒரு பட்டையை வெட்டி எடுத்தேன். அதை இடவலமாகப் புரட்டினேன், மேல்கீழாக அல்ல. பிறகு உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் டம்ளர் அகலத்துக்குச் சுருக்கி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மட்டும் ஒட்டினேன். இரு ஓரங்களிலும் உள்ளதை இன்னும் கொஞ்சம் நசுக்கினேன், ஏனென்றால் விளிம்பு நெருங்க நெருங்க வளைவு கூடும். இந்தக் கட்டத்தில் அது ஸ்டிக்கர் ஒட்டியதுபோல அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இப்போது அந்த டம்ளரை மட்டும் மாஸ்க் செய்து, படத்தைத் திரும்பக் கருவிக்குள் கொடுத்து, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வரையச் சொன்னேன். இங்கே `Denoising strength` என்ற ஒரு அளவுதான் எல்லாம். அதை 0.2-க்குக் கீழே வைத்தால் ஸ்டிக்கர் ஸ்டிக்கராகவே இருக்கும். 0.6-க்கு மேலே போனால் கருவி நீங்கள் ஒட்டியதை அழித்துவிட்டுத் தன் பழைய நேரான விளக்குகளையே வரைந்துவிடும். 0.35-இல் எனக்குக் கிடைத்தது. ஒட்டிய விளக்குகள் இடம் மாறாமல் இருக்க, விளிம்புக் கோடும் தண்ணீர் மட்டத்தின் நீள்வட்டமும் அவற்றோடு கலந்து ஒரே பொருளாகிவிட்டன. 0.3-இல் தொடங்கி 0.05 கூட்டிக் கூட்டிப் பார்த்தால் உங்கள் கருவியின் எல்லை தெரிந்துவிடும்.

டம்ளர் நிழலையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தண்ணீருள்ள டம்ளரின் நிழல் முழுக் கறுப்பு இல்லை. விளக்குக்கு எதிர்ப்பக்கம் திண்டில் விழும் நிழலுக்கு நடுவே, குவிந்த ஒளி ஒரு பளிச்சென்ற கீற்றாக விழும். என் விளக்கு இடப்பக்கம், எனவே கீற்று வலப்பக்கம். கருவி அதை இரண்டு பக்கமும் போட்டிருந்தது. இடப்பக்கம் இருந்ததை அழித்தேன்.

பெரிய துளிகளில் நாலைந்துக்கு இதே ஒட்டுவேலை செய்தேன். வித்தியாசம் ஒன்றுதான். பின்னணியை இடவலம் புரட்டுவதற்குப் பதில் 180 பாகை சுழற்ற வேண்டும். மங்கிய பின்னணியை எடுக்காமல், அதே தெருவைக் கூர்மையாக ஒருமுறை தனியே வரையவைத்து அதைச் சுழற்றிச் சுருக்கினேன். பொடித் துளிகளில் கைவைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தை நேரடியாக வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவத்தில் வரைந்துவிட்டுப் பிறகு விரிக்கின்றன. பதினாறு பிக்சல் அகலமுள்ள துளிக்கு அங்கே இரண்டே கட்டம்தான் கிடைக்கும். அதற்குள் தெருவை எங்கே வைப்பது? உள்ளடக்கம் தெரிய வேண்டிய துளியை மட்டும் வெட்டியெடுத்து, நாலு மடங்கு பெரிதாக்கி, அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பச் சுருக்கி ஒட்டுங்கள்.

முடித்த படத்தைச் சோதிக்க எனக்கு இரண்டு வழிகள் உதவுகின்றன. முதலாவது, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. ஊர் கவிழ்ந்திருக்கும், ஆனால் துளிகளுக்குள் மட்டும் எல்லாம் நிமிர்ந்து நிற்க வேண்டும். எந்தத் துளி நிமிரவில்லையோ அது தப்பான துளி. இரண்டாவது சாயலுக்கானது. தட்டையான கண்ணாடியில் ஒரு பொருளும் அதன் சாயலும் தெரிந்தால், பொருளின் ஒரு புள்ளியையும் சாயலில் அதே புள்ளியையும் கோட்டால் இணையுங்கள். இப்படி மூன்று நான்கு கோடுகள் போட்டு நீட்டினால் எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும், அல்லது இணையாகப் போக வேண்டும். பொய்ப்படங்களைக் கண்டறியும் ஆய்வில் பேர்பெற்ற ஹேனி ஃபரித் 2022-இல் ஏஐ படங்களின் நிழலையும் எதிரொளிப்பையும் இந்த வடிவியலை வைத்துத்தான் ஆராய்ந்தார். என் படத்தில் டம்ளரின் சாயல் ஜன்னலில் விழுந்திருந்தது. டம்ளர் வாய், தண்ணீர் மட்டம், அடிப்பாகம் என்று மூன்று கோடுகள் போட்டேன். முதல் இரண்டும் கூடின. அடிப்பாகத்தின் கோடு எங்கோ போனது. சாயல் டம்ளர் திண்டுக்குள் புதைந்ததுபோல இறங்கியிருந்தது. அதை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றி, 0.3-இல் ஒருமுறை ஓட்டினேன்.

இதே படத்தைப் பகலுக்கு மாற்ற வேண்டி வந்தால் பிராம்ப்டில் இரவை அழித்துப் பகல் என்று போட்டால் போதாது. துளி வரியைத் திருப்புங்கள், மேல்பாதி இருட்டு, அடிப்பாதி வெளிச்சம். விளக்குச் சாயல் வரியை எடுத்துவிடுங்கள், அது பகலில் தெரியாது. டம்ளரின் இட விளிம்பில் போட்ட வெளிச்சக் கோட்டை இருட்டுக் கோடாக்குங்கள், ஏனென்றால் பின்னால் இப்போது வெளுத்த வானம், பக்கவாட்டில் நிழலான அறைச் சுவர். டம்ளருக்குள் இடம் மாறிய தெரு மட்டும் அப்படியே இருக்கட்டும்.